வாட்ச் வைண்டருக்குத் தமிழ்ல என்ன சொல்றது?

ஹட்டன்:
வணக்கம். ஒரு கையேடு மொழிபெயர்க்கிறேன், அதுல வாட்ச் வைண்டர்னு ஒரு பொட்டி வருது, ஆட்டோமேட்டிக் வாட்சை உள்ள வச்சா மோட்டார் மெதுவா சுத்திவிடும். சாவி குடுக்கிறதுதானேன்னு 'முறுக்கி'ன்னு போட்டுட்டேன், சரியா? அதோட சொந்தக் கேள்வி ஒண்ணு. அப்பாவோட சீக்கோ 5 என்கிட்ட இருக்கு, உள்ள ஓடுறது 7S26ங்கிற மெஷின், கோயிலுக்குப் போறப்போ மட்டும்தான் கட்டுறேன், எடுக்கிறப்பல்லாம் நின்னுதான் கெடக்கு. அதுக்கு இந்தப் பொட்டி வேணுமா?

பண்டாரவளை:
கட்டாயம் வாங்குங்க தம்பி. நின்னு கெடந்தா உள்ள எண்ணெய் கட்டிப் போயிரும், எங்க மாமா வாட்ச் அப்பிடித்தான் போச்சு. சொல்லுக்கு 'சாவிகொடுப்பான்' எப்பிடி?

நுவரெலியா:
ரெண்டும் வேணாம். அந்தப் பொட்டி எதையும் முறுக்கல. வாட்சுக்குள்ள அரைவட்டமா ஒரு எடைத்தகடு இருக்கு, வாட்ச் சுத்துறப்போ தகடு மட்டும் கனத்துல கீழ்ப்பக்கமே தொங்கி நிக்கப் பாக்கும், அந்த வித்தியாசத்துலதான் ஸ்பிரிங் ஏறுது. பொட்டி சும்மா சுழற்றுது, அதனால 'கடிகாரச் சுழற்றி'.

எண்ணெய் கட்டுறது மாமா காலத்து எண்ணெய்க்குச் சரி அண்ணே. இப்ப போடுற செயற்கை எண்ணெய் நின்னு கெடந்தா கட்டாது, சும்மா ஓடவிட்டா தேய்மானம்தான் மிச்சம்.

தம்பிக்குப் பொட்டி தேவையில்ல. 7S26 முழுசா ஏறினா சுமார் 40 மணி நேரம் ஓடும், ஞாயிறு ராத்திரி 9க்குக் கழட்டி வச்சா செவ்வாய் மத்தியானம் நிக்கும், அது கோளாறு இல்ல. அதுல கிரவுனைத் திருகி சாவி குடுக்க முடியாது, வாட்சைப் படுக்கையா புடிச்சு பக்கவாட்டுல அரை நிமிசம் ஆட்டுங்க, ஓடத் தொடங்கும், மிச்சத்தைக் கை ஏத்திக்கும்.

கவனம் தேதியிலதான். முள்ளு 11ல நின்னா அது பகலா ராத்திரியான்னு தெரியாது. ராத்திரி 9லருந்து காலை 4 வரைக்கும் தேதி மாத்துற பல்லு கடிச்சுக்கிட்டு இருக்கும், அப்ப தேதியைத் திருகினா பல்லு போயிரும். அதனால முதல்ல முள்ளைத் தேதி மாறுற வரைக்கும் முன்னால ஓட்டுங்க, அதான் நடுராத்திரி, அங்கருந்து 6க்குக் கொண்டுவந்து தேதியை வைங்க, பொறகு நேரத்தை வைங்க.

லீப் வருசம் வரைக்கும் கணக்கு வச்சிருக்கிற காலண்டர் வாட்ச்னா கதை வேற, நின்னா திருப்பி வைக்கிறது பெரிய பாடு, அவங்களுக்குப் பொட்டி உதவும்.

தலவாக்கலை:
எனக்கும் இது வேணும்போல. மழைக்காலத்துல என் வாட்ச் கண்ணாடிக்குள்ள ஆவி படியுது, சுத்திக்கிட்டே இருந்தா காஞ்சிருமா?

நுவரெலியா:
காயாது. ரப்பர் வளையம் போயிருக்கும், துரு ஏறுறதுக்குள்ள பின்மூடியைத் திறந்து காட்டுங்க.

பண்டாரவளை:
சுழற்றின்னா ஃபேன் மாதிரி கேக்குது. 'வாட்ச் தொட்டில்'னு வைங்களேன்.

ஹட்டன்:
தொட்டில் ஆடும், சுத்தாதே அண்ணே. இப்போதைக்கு சுழற்றி. அரை நிமிசம் ஆட்டினேன், செகண்ட் முள்ளு நகருது. ரோட்டருக்கு 'எடைத்தகடு'ன்னே போடவா, வேற ஏதாவது இருக்கா?