குழி விழுந்த சுவரில் ஸ்கர்டிங்: எது சரிவரும்?

ஹாலில் ஸ்கர்டிங் வைக்க வேண்டும். 2 மீட்டர் மட்டக்கட்டையைச் சுவரில் வைத்தால் நடுவில் 8 மி.மீ. உள்வாங்கியிருக்கிறது. டைல் என்றால் பின்னால் கலவை கொடுத்து நேராக்கலாம். ஆனால் அந்த இடத்தில் மேல் விளிம்பு துருத்தி நின்று தூசி சேரும். பிவிசி வளையும்தான், வெறும் பசையில் ஒட்டினால் குழியில் பிரிந்து வந்துவிடுமோ என்று சந்தேகம். மரப்பலகையைப் பிளக் வைத்து ஸ்க்ரூவால் இழுக்கலாம், அதுவும் மெல்லிய பலகையாக இருந்தால்தான். மிச்ச இடைவெளிக்கு அக்ரிலிக் சீலன்ட் போதும். ஆனால் 8 மி.மீ.க்கு அது தாங்காது, சுருங்கி விரிசல் விடும்.

உயரம் 4 அங்குலம் என்று வைத்திருக்கிறேன். ஈரத் துடைப்பம் சுவரில் படாமல் இருந்தால் சரி. 6 அங்குலம் போனால் சுவரின் கோணல் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

குழியை மட்டும் முதலில் பூசிச் சமன் செய்துவிட்டு பிவிசி ஒட்டியவர்கள் யாராவது உண்டா? பூச்சு எவ்வளவு நாள் காய்ந்த பிறகு ஒட்டினீர்கள்? அப்புறம், பசையா, கிளிப்பா?