விளம்பரமும் விற்பனையும் சேர்ந்து ஏறினால் அதற்கு என்ன சொல்?

மாலதி, கோலாலம்பூர்

அனைவருக்கும் வணக்கம். சிறு வணிகர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு துணிக்கடை. கடையிலும் விற்கிறார்கள், இணையத்திலும் விற்கிறார்கள். 2024 தீபாவளி அக்டோபர் 31. செப்டம்பர் தொடக்கத்தில் வாரத்துக்கு 1,000 ரிங்கிட் விளம்பரச் செலவு, இணைய விற்பனை 20,000. தீபாவளிக்கு முந்தின வாரம் செலவு 4,000, விற்பனை 62,000. இடைப்பட்ட வாரங்களில் இரண்டும் படிப்படியாக ஏறியிருக்கின்றன. முதலாளி சொல்கிறார்: "3,000 அதிகமாகப் போட்டேன், 42,000 அதிகமாக வந்தது."

விளம்பரமே இல்லாவிட்டாலும் தீபாவளிக்குச் சனம் புடவை வாங்கத்தானே செய்யும்? அந்த 42,000-இல் விளம்பரத்தால் மட்டும் வந்த பங்குக்கு ஆங்கிலத்தில் இன்கிரிமெண்டல் சேல்ஸ் என்கிறார்கள். 'கூடுதல் விற்பனை' என்று எழுதிப் பார்த்தேன். படிக்கிறவர் 42,000 முழுவதையும் கூடுதல் என்றுதான் எடுத்துக்கொள்வார். வேறு சொல் இருக்கிறதா?

சுகுமாறன், கிள்ளான்

இதற்குப் புதுச்சொல் எதற்கு? 'பருவம் நீக்கிய விற்பனை' என்றால் போதும். இரண்டு நகைக்கடைகளுக்கு நான்தான் கணக்குப் பார்க்கிறேன். போன வருஷ அக்டோபரை இந்த வருஷ அக்டோபரிலிருந்து கழிப்பேன். பருவம் இரண்டிலும் இருப்பதால் அடிபட்டுப் போகும். மிச்சம் விளம்பரத்தின் வேலை.

பத்மநாதன், பினாங்கு

சுகுமாறன், பருவத்தைக் கழிக்க வேண்டும் என்பது சரி. ஆனால் மாலதி சொல்லும் வருஷத்துக்கு அக்டோபரோடு அக்டோபரை ஒப்பிட்டால் கணக்கு கெட்டுவிடும். 2023-இல் தீபாவளி நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. போன முறை நவம்பர் முதல் வாரங்களில் நடந்த வியாபாரம் இந்த முறை அக்டோபருக்குள் வந்துவிட்டது. விளம்பரத்துக்கு ஒரு காசு போடாத கடைக்கும் அந்த அக்டோபர் பிரமாதமாகத்தான் தெரிந்திருக்கும். நோன்புப் பெருநாள் வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் வருவதால், மலாய் வாடிக்கையாளர் அதிகம் உள்ள கடைகளுக்கு இது இன்னும் மோசம். தேதியை விட்டுவிட்டு, 'தீபாவளிக்கு எத்தனை நாள் முன்பு' என்று வரிசைப்படுத்தி ஒப்பிட வேண்டும்.

அதைச் செய்தாலும் பெரிய சிக்கல் தீராது. போன வருஷமும் அந்தக் கடை தீபாவளி நெருங்க நெருங்க விளம்பரத்தைக் கூட்டியிருக்கும் அல்லவா? அப்படியானால் நீங்கள் 'பருவம்' என்று கழிப்பதில் போன வருஷ விளம்பரத்தின் வேலையும் சேர்ந்தே இருக்கிறது.

செலவு ஏன் ஏறியது என்று கேளுங்கள். விற்பனை வரப்போகிறது என்று முதலாளிக்குத் தெரியும், அதனால் கூட்டினார். விளம்பரத் தளத்தின் தானியங்கி முறையும், யார் வாங்கும் மனநிலையில் இருக்கிறார்களோ அவர்களைத் தேடிப் பிடித்துத்தான் காட்டுகிறது. கூடையில் புடவையைப் போட்டுவிட்டுச் சம்பள நாளுக்குக் காத்திருப்பவருக்கு ஒரு விளம்பரம் காட்டி, அடுத்த நாள் அவர் வாங்கியதும் 'என்னால் வந்த விற்பனை' என்று எழுதிக்கொள்ளும். எல்லா வருஷமும் செலவும் பருவமும் ஒன்றாகவே ஏறியிருந்தால், அந்த எண்களை வைத்து எந்தச் சமன்பாடு போட்டாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. பருவத்தோடு ஒட்டாமல் செலவு எங்காவது தனியே மாறியிருக்க வேண்டும்.

கண்ணன், பட்டர்வொர்த்

வணக்கம். நீங்கள் எல்லாம் பெரிய கணக்குப் பேசுகிறீர்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன். எனக்குக் கேட்டரிங் தொழில். 2024-இல் செப்டம்பர், அக்டோபர் முழுக்க ஃபேஸ்புக் விளம்பரம் போட்டேன். நவம்பர் முதல் வாரம் நிறுத்தினேன். ஆர்டர் பாதிக்கும் கீழே போய்விட்டது. விளம்பரம் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? எந்தத் தளத்தில் போட்டால் மலிவு என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

மாலதி

கண்ணன் அண்ணே, நீங்கள் நிறுத்திய வாரம் தீபாவளிக்கு அடுத்த வாரம்! அந்த வாரம் யார் வீட்டில் கேட்டரிங் சொல்வார்கள், பலகாரமே மிச்சம் இருக்குமே.

கண்ணன், பட்டர்வொர்த்

அட, ஆமாம். ஆனால் நவம்பர் கடைசியிலும் குறைவுதான், கல்யாண ஆர்டர்கூட இல்லை. அதை என்ன சொல்வீர்கள்?

பத்மநாதன்

அதை நவம்பர் எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, கண்ணன். விளம்பரம் இல்லாத நவம்பர் எப்படி இருக்கும் என்பதற்கு உங்களிடம் ஒப்பிட ஒன்றும் இல்லை.

அந்த ஒப்பீட்டை உண்டாக்கிய ஒரு கணக்கைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த பலகாரக் கடை, தீபகற்பம் முழுதும் அஞ்சலில் அனுப்புகிறவர்கள். 2025 தீபாவளிக்கு, அதாவது அக்டோபர் 20-க்கு, முந்தின மூன்று வாரம் விளம்பரத்தைச் சில ஊர்களில் மட்டும் காட்டினோம். ஈப்போ, சிரம்பான், கூலிம் ஒரு கூட்டம். தைப்பிங், சுங்கைப்பட்டாணி, குளுவாங் இன்னொரு கூட்டம். எந்தக் கூட்டத்துக்கு விளம்பரம் என்பதைக் காசு சுண்டித்தான் முடிவு செய்தோம். முதலாளியிடம் விட்டிருந்தால் நன்றாக விற்கும் ஊர்களையே எடுத்திருப்பார். கிள்ளானையும் கோலாலம்பூரையும் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அவை இருந்தால் மற்ற ஊர்களின் எண் அதில் மூழ்கிவிடும்.

எண்களை முழுமைப்படுத்தித் தருகிறேன். செப்டம்பரில் எங்குமே விளம்பரம் இல்லாதபோது முதல் கூட்டத்தில் வாரத்துக்கு 10,000 ரிங்கிட் விற்பனை, இரண்டாவதில் 8,000. அந்த மூன்று வாரத்தில் விளம்பரம் இல்லாத இரண்டாவது கூட்டத்து ஊர்களே வாரத்துக்கு 18,400-க்குப் போய்விட்டன, அதாவது 2.3 மடங்கு. அது பருவத்தின் வேலை. அதே மடங்கில் ஏறியிருந்தால் விளம்பரம் காட்டிய ஊர்கள் 23,000-க்குப் போயிருக்கும். போனது 26,000. ஆக விளம்பரம் கொண்டுவந்தது வாரத்துக்கு 3,000. அதற்கான செலவு 1,500. விளம்பரத் தளத்தின் அறிக்கையோ 12,000 தன்னால் வந்தது என்றது.

கடைக்கு நூற்றுக்கு நாற்பது மொத்த லாபம். 1,500-ஐத் திரும்ப எடுக்கவே 3,750 விற்பனை வேண்டும்.

சுகுமாறன்

அப்படியானால் நட்டம் என்று எழுதிவிடலாமே. அமெரிக்காவில் ஈபே 2012-இல் தன் பெயரைத் தேடுகிறவர்களுக்குக் காட்டிய விளம்பரத்தைச் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்தது. வந்துகொண்டிருந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லாரும் இலவச இணைப்பு வழியாக வந்துவிட்டார்கள் என்று படித்திருக்கிறேன். விளம்பரமே வீண் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பத்மநாதன்

ஈபேயை எல்லாருக்கும் தெரியும். 'ஈபே' என்று தட்டச்சு செய்தவர் எப்படியும் அங்கே போகிறவர்தான். பெயரே தெரியாத பலகாரக் கடைக்கு அந்த முடிவை அப்படியே பொருத்தக் கூடாது.

நட்டம் என்றும் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். 2023-லும் 2024-லும் இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மாதிரிதான் விளம்பரம் போயிருந்தது. அந்த வருஷங்களின் தீபாவளி வாரங்களை எடுத்து இதே கணக்கைப் போட்டால் வித்தியாசம் பூஜ்யமாக வர வேண்டும். ஒரு வருஷம் 900 குறைவாக வந்தது, மறு வருஷம் 1,400 அதிகமாக வந்தது. விளம்பரத்தில் வித்தியாசமே இல்லாதபோது இவ்வளவு ஆட்டம். இரண்டே வருஷம் என்பதால் உண்மையான ஆட்டம் இதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். ஆகவே கிடைத்த 3,000-க்கும் தேவைப்படும் 3,750-க்கும் உள்ள இடைவெளி அந்த ஆட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. 12,000 இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ஈப்போவில் வேலை செய்கிற பிள்ளை விளம்பரத்தைப் பார்த்து, தைப்பிங்கில் இருக்கும் அம்மாவுக்கு முறுக்கு டின் அனுப்பச் சொல்கிறது. அனுப்பும் முகவரியை வைத்து எண்ணினால் விளம்பரத்தால் வந்த விற்பனை விளம்பரமில்லாத ஊரில் ஏறும். அதனால் விளம்பரத்தின் பலன் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். நாங்கள் பணம் கட்டியவரின் முகவரியை வைத்து எண்ணினோம். அப்படியும் தீபாவளிக்கு முந்தின சில நாட்களில் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவதால், கைப்பேசி இருக்கும் இடமும் கட்டியவரின் முகவரியும் பொருந்துவதில்லை. அந்த நாட்களைத் தனியாக வைத்துப் பார்ப்பது நல்லது.

மாலதி

இப்போது சொற்கள் கொஞ்சம் தெளிகின்றன, ஐயா. செலவும் விற்பனையும் ஒன்றாக ஏறித் தோன்றுவதற்கு 'உடனேற்றம்'. அதற்குள் இருக்கும் 13,000 'பருவ ஏற்றம்', 3,000 'விளம்பர ஏற்றம்'. விளம்பரம் இல்லாமல் போயிருந்தால் நடந்திருக்கக்கூடிய 23,000-க்கு 'இல்லாநிலை விற்பனை'. சரியா வருமா?

சுகுமாறன்

'உடனேற்றம்' நன்றாக இருக்கிறது, சொன்னதும் புரிகிறது. 'இல்லாநிலை' வேண்டாம். வறுமையில் விற்பது போல ஒலிக்கிறது. 'விளம்பரமில்லா விற்பனை' என்று நேராக எழுதுங்கள்.

பத்மநாதன்

'விளம்பரமில்லா விற்பனை' என்றால், தைப்பிங் கூட்டத்தில் நிஜமாகவே விளம்பரம் இல்லாமல் நடந்த 18,400-ஐயும் அது குறிக்கும். 23,000 என்பது நடக்காத ஒன்று, மதிப்பிட்டது. அந்த வேறுபாடு சொல்லில் தெரிய வேண்டும். நான் 'இல்லாநிலை' பக்கம்தான், ஆனால் சண்டைக்கு வர மாட்டேன்.

'பருவ ஏற்றம்' எனக்கு உறுத்துகிறது. இங்கே நமக்கு வெயிலும் மழையும்தான் பருவம். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்காரரிடம் கேட்டால் சீசன் என்றுதான் சொல்வார். 'பண்டிகை ஏற்றம்' என்றால், பள்ளி திறக்கும்போது சீருடை விற்பது இதில் அடங்காது.

கண்ணன்

'சீசன் ஏற்றம்' என்றே வைத்துக்கொள்ளுங்களேன். எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு சந்தேகம்: என் கேட்டரிங் பட்டர்வொர்த், பிறை சுற்றுவட்டாரம் மட்டும்தான். பிரிக்க இரண்டு கூட்டம் ஊர் இல்லை. நான் என்ன செய்வது?

பத்மநாதன்

ஊரைப் பிரிக்க முடியாவிட்டால் வாரத்தைப் பிரியுங்கள். பண்டிகை எதுவும் இல்லாத மாதங்களில், ஒவ்வொரு வாரமும் காசு சுண்டி விளம்பரம் போடுவதா நிறுத்துவதா என்று முடிவு செய்யுங்கள். சம்பள வாரம் ஒரு பக்கமே குவிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இன்னொரு தொல்லை: இன்று விளம்பரம் பார்த்தவர் மூன்று வாரம் கழித்து நடக்கும் விசேஷத்துக்குச் சொல்வார். ஆகவே சாப்பாடு போட்ட நாளை எண்ணாதீர்கள், முதல் போன் வந்த நாளை எண்ணுங்கள். இப்படிச் செய்தாலும் தீபாவளி நேரத்து விளம்பரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

மாலதி

கையேட்டில் 'உடனேற்றம்', 'விளம்பர ஏற்றம்' இரண்டையும் போட்டுவிடுகிறேன். பருவமா சீசனா என்பதற்கு வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. கண்ணன் அண்ணே, முதல் போன் வந்த தேதியை எங்காவது குறித்து வைக்கிறீர்களா?

கண்ணன்

காலண்டரில் மனைவி எழுதுவார். போன வருஷக் காலண்டரைத் தேடிப் பார்க்கிறேன்.