வீட்டிலேயே பேக்கிங் செய்கிறேன்; ஃபுல்ஃபில்மென்ட் குடோனுக்கு மாறினால் கட்டுமா?

தறிவீடு (ஈரோடு):
வணக்கம். சென்னிமலை பெட்ஷீட், துண்டு, தலையணை உறை எல்லாம் சொந்த வெப்சைட்டிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிறேன். மாதம் 600 ஆர்டர் வருகிறது. பேக்கிங் முழுக்க வீட்டு முன் அறையில்தான். உதவிக்கு ஒரு அக்கா வருகிறார், சம்பளம் ₹9,000. கவர், டேப், லேபிள் சேர்ந்து ஆர்டருக்கு ₹11 ஆகிறது. இதுபோக நானும் தினமும் மூன்று மணி நேரம் உட்கார வேண்டியிருக்கிறது.

சென்னை ரெட்ஹில்ஸ் பக்கம் ஒரு ஃபுல்ஃபில்மென்ட் குடோனில் கொட்டேஷன் வாங்கினேன். ஆர்டரில் முதல் பொருளை எடுத்து பேக் செய்ய ₹18, அடுத்த ஒவ்வொன்றுக்கும் ₹4. பேக்கிங் சாமான் ₹12. சரக்கை இறக்கி எண்ணி வைக்க பீஸுக்கு ₹2. இடவாடகை கன அடிக்கு மாதம் ₹20, எனக்கு 300 கன அடி வேண்டும். ரிட்டர்ன் வந்தால் ஒன்றுக்கு ₹15. எவ்வளவு குறைந்தாலும் மாதம் ₹10,000 பில் உண்டு. ஜிஎஸ்டி தனி.

என் ஆர்டரில் சராசரியாக இரண்டு பொருள் இருக்கும். நூற்றுக்குப் பத்து திரும்பி வரும். கணக்குப் போட்டால் வீட்டில் ஆர்டருக்கு ₹26, அவர்களிடம் ₹50 பக்கம் வருகிறது. அப்படியானால் இதை யார்தான் எடுக்கிறார்கள்? நான் எதையாவது விட்டுவிட்டேனா?

பவானி_கடை:
500 ஆர்டர் தாண்டிவிட்டாலே மாறிவிடுங்கள். அதற்கு மேல் வீட்டில் வைத்துச் செய்தால் ஆர்டர் மாறிப் போகும், வியாபாரம் வளராது. உங்கள் நேரத்துக்கும் விலை போடுங்கள், ₹24 வித்தியாசம் அதிலேயே சரியாகிவிடும்.

குடோன்_கணக்கு:
நேரத்துக்கு விலை போடச் சொன்னது சரிதான். ஆனால் 500 என்று பொதுவாக ஒரு எண் கிடையாது. ஒரே சோப்பை 300 பேருக்கு அனுப்புகிறவருக்கே கட்டும். நூறு டிசைன் வைத்து 1,000 ஆர்டர் அனுப்புகிறவருக்குக் கட்டாமலும் போகும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் குடோன் பில்லிங்கில் வருடக்கணக்கில் வேலை பார்த்தவன், அதனால் சொல்கிறேன்.

தறிவீடு, உங்கள் கணக்கில் இரண்டு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. முதலாவது உங்களுக்குப் பாதகமானது. மாறினால் அந்த அக்காவின் சம்பளம் மிச்சம் என்று நினைக்கிறீர்கள். குடோன்காரர் சரக்கை மூட்டையாக வாங்க மாட்டார். ஒவ்வொரு பீஸையும் மடித்து, பாலிதீன் கவரில் போட்டு, டிசைன் வாரியாக பார்கோடு ஒட்டி அனுப்ப வேண்டும். ஒட்டாமல் போனால் அவர்களே ஒட்டி, அதற்குத் தனியாக பில் போடுவார்கள். ஆக அந்த அக்கா உங்களுக்கு வேண்டும். உண்மையில் மிச்சமாவது கவர் செலவு ₹11 மட்டும். அவர்கள் பில் மாதம் ₹29,700, அதில் கவர் செலவு ₹6,600 கழித்தால் கூடுதல் செலவு ₹23,100.

இரண்டாவது சாதகமானது: கூரியர். பேக்கிங் கூலியில் குடோன் வீட்டை ஜெயிப்பது அபூர்வம். ஜெயித்தால் கூரியரில்தான் ஜெயிக்கும். போன மூன்று மாத ஆர்டரை எக்செலில் இறக்கி பின்கோடு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். சென்னையும் சுற்றுவட்டாரமும் எத்தனை?

தறிவீடு:
பார்த்தேன். எனக்கே ஆச்சரியம். 600இல் 330 சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம். ஈரோட்டிலிருந்து அங்கே ஒரு பார்சலுக்கு ₹78 கொடுக்கிறேன். ரெட்ஹில்ஸிலிருந்து என்றால் ₹46 என்கிறார்கள். மற்ற ஊர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

ஊறுகாய்_மதுரை:
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் ஊறுகாய், சாம்பார் பொடி அனுப்புகிறேன். இதே மாதிரி சென்னையில் வைக்கலாமா?

குடோன்_கணக்கு:
வைக்கலாம், ஆனால் உணவுப் பொருளுக்கு அந்த குடோனின் முகவரிக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம் இருக்க வேண்டும். அப்புறம், முதலில் காலாவதியாகும் பேட்ச்சை முதலில் எடுப்பார்களா என்று கேளுங்கள். முதலில் வந்ததை முதலில் எடுப்போம் என்று மட்டும் சொன்னால் போதாது. பழைய பேட்ச் தாமதமாக உள்ளே போயிருந்தால் அது அலமாரியிலேயே கெட்டுப்போகும். மற்றதற்குத் தனி இழை போடுங்கள், விரிவாகப் பேசலாம்.

தறிவீடு, 330 பார்சலில் ₹32 மிச்சம் என்றால் ₹10,560. முழுசாக மாறினால் இன்னும் மாதம் ₹12,500 கையை விட்டுப் போகும். அதனால் முழுசாக மாறாதீர்கள், பாதியை மட்டும் அனுப்புங்கள். நன்றாக ஓடும் ஐந்தாறு டிசைனை மட்டும் ரெட்ஹில்ஸில் வையுங்கள், மீதி வீட்டில் இருக்கட்டும். அந்த 330இல் இந்த டிசைன்கள் *மட்டும்* இருக்கும் ஆர்டர் எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள். ஒரு துண்டு அங்கே, ஒரு பெட்ஷீட் இங்கே என்று பிரிந்தால் இரண்டு பார்சல் போகும், மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும்.

தறிவீடு:
ஆறு டிசைன் எடுத்தால் 240 வருகிறது. 80 கன அடி போதும்.

குடோன்_கணக்கு:
நல்ல எண். 240 ஆர்டருக்கு ரிட்டர்ன் உட்பட ₹39.50 வீதம் ₹9,480, இடம் ₹1,600. மொத்தம் ₹11,080, குறைந்தபட்ச பில்லைத் தாண்டிவிட்டீர்கள். மிச்சமாவது கூரியரில் ₹7,680, கவரில் ₹2,640, ஆக ₹10,320. கூடுதல் செலவு மாதம் ₹760தான். அந்தக் காசுக்கு உங்கள் வீட்டு முன் அறையில் நூற்றுக்கு நாற்பது ஆர்டர் குறையும்.

ஒன்றை எழுத்தில் வாங்குங்கள்: கூரியர் கவரில்தான் பேக் செய்ய வேண்டும், அட்டைப் பெட்டியில் கூடாது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் எடையும் உண்மையான எடையும், எது அதிகமோ அதற்குத்தான் பெரும்பாலான கூரியரில் காசு. 30×25×8 கவர் என்றால் 1.2 கிலோ. அதே பெட்ஷீட்டை 30×25×12 பெட்டியில் போட்டால் 1.8 கிலோ, அடுத்த ஸ்லாபுக்குப் போய்விடும். முதல் மாத பில் வந்ததும் ஒவ்வொரு பார்சலுக்கும் போட்ட எடையைப் பாருங்கள். ₹46 எங்கே போனது என்று அங்கேதான் தெரியும்.

பவானி_கடை:
பெங்களூரில் வைத்தால் இன்னும் மலிவு என்கிறார்களே?

குடோன்_கணக்கு:
கர்நாடகாவில் சரக்கு வைத்து விற்றால் அங்கே தனி ஜிஎஸ்டி பதிவு வேண்டும். இங்கிருந்து உங்கள் சரக்கையே அங்கே அனுப்பினாலும் வரி இன்வாய்ஸ் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். ரெட்ஹில்ஸ் என்றால் இருக்கிற பதிவிலேயே கூடுதல் வியாபார இடமாகச் சேர்த்தால் போதும். குடோன்காரரிடம் ஒப்பந்தமும் சம்மதக் கடிதமும் வாங்கி, சரக்கு போகும் முன்பே சேர்த்துவிடுங்கள்.

தறிவீடு:
இந்த பில்லுக்கு வரும் 18% ஜிஎஸ்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்தானே?

குடோன்_கணக்கு:
வழக்கமான பதிவில் இருந்தால் கிரெடிட் எடுக்கலாம். காம்போசிஷனில் இருந்தால் முடியாது, அது முழுக்கச் செலவுதான். ஆனால் நீங்கள் விற்பதில் 5%தான் வசூலிக்கிறீர்கள். கூரியர், விளம்பரம், குடோன் மூன்றுக்கும் 18% கட்டினால் கிரெடிட் குவிந்துகொண்டே போகலாம். சேவைகளுக்குக் கட்டிய வரியை, விற்பனை வரி குறைவு என்ற காரணம் காட்டி ரீஃபண்டாகக் கேட்க முடியாது. உங்களுக்கு எவ்வளவு தேங்கும் என்பதை ஆடிட்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கையெழுத்துக்கு முன் கேளுங்கள்.

தறிவீடு:
சரி, கேட்கிறேன். இன்னும் ஒன்றுதான் உறுத்துகிறது. தீபாவளி மாதத்தில் எனக்கு 1,400 ஆர்டர் வரும். அப்போது இதே ரேட்டில், அன்றன்றைக்கே அனுப்புவார்களா என்று கேட்டால் பதில் மழுப்பலாக இருக்கிறது.

ஊறுகாய்_மதுரை:
தீபாவளியில் அங்கே சரக்கு வைத்து அனுபவப்பட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எனக்கும் தெரிய வேண்டும்.