மாணவருக்கு எழுதும் மெயிலில் ‘ஏஐ’ என்ற சொல் வரலாமா?

கரும்பலகை: எம்.ஏ. பொருளியல் மாணவர் ஒருவர் 100 நாள் வேலைத் திட்டத்தில் பெண்களின் பங்கு பற்றி அசைன்மென்ட் கொடுத்திருக்கிறார். நகல் எழுத்தைக் கண்டறியும் டர்னிட்டின் மென்பொருள் 64% ஏஐ என்று காட்டுகிறது. அவர் காட்டியிருக்கும் கட்டுரைகளில் 2 எங்கு தேடியும் கிடைக்கவில்லை. கூப்பிட்டுப் பேச வேண்டும், ஆனால் திருடன் என்று சொல்வதுபோல் இருக்கக் கூடாது. மெயில் எப்படி எழுதுவது?

நேர்வழி: 64% வந்துவிட்டதே, இன்னும் என்ன சந்தேகம்? நூற்றுக்கு 64 வாய்ப்பு என்றால் அது சாட்சிதான். ரிப்போர்ட்டை இணைத்து “விளக்கம் தரவும்” என்று ஒரே வரி அனுப்புங்கள். குழைந்து எழுதினால் பையன் தலையில் ஏறுவான்.

மூத்த_விரிவுரையாளர்: அந்த எண் வாய்ப்பைச் சொல்வதில்லை சார். கட்டுரையில் இவ்வளவு பகுதி இயந்திர நடையில் இருப்பதாக மென்பொருள் நினைக்கிறது, அவ்வளவுதான். அந்த நினைப்பே தவறலாம். ஓபன்ஏஐ தான் வெளியிட்ட கண்டறியும் கருவியையே துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதியதை இப்படிப்பட்ட கருவிகள் அதிகமாகச் சந்தேகிக்கின்றன என்று அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வும் காட்டியது. நம் பிள்ளைகள் எல்லோரும் அந்தக் கணக்கில் வருகிறவர்கள்தானே?

மேடம், உங்கள் கையில் உள்ள வலுவான விஷயம் அந்த 2 கட்டுரைகள். இதழின் பெயர், தொகுதி எண் எல்லாம் சரியாக இருந்து, அந்தப் பக்கத்தில் வேறு கட்டுரை இருக்கிறதா என்று பாருங்கள். சாட்பாட் இட்டுக்கட்டும் மேற்கோள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். யார் எழுதியிருந்தாலும் இல்லாத கட்டுரையைக் காட்டியது பிழை. அதைக் கேட்க ஏஐ ரிப்போர்ட்டே தேவையில்லை. நான் எழுதினால் இப்படி:

“உங்கள் அசைன்மென்ட்டைப் படித்தேன். 3-ஆம் பக்கத்தில் நீங்கள் காட்டியுள்ள 2 கட்டுரைகளை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கூலி வேறுபாடு பற்றிய முடிவுக்கு எப்படி வந்தீர்கள் என்றும் கேட்க வேண்டும். வியாழன் 3 மணிக்குத் துறைக்கு வர முடியுமா? 15 நிமிடம் போதும். வரைவு, குறிப்பு, படித்த கட்டுரைகளின் பிரதி என எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். ஏஐ கருவி எதையாவது பயன்படுத்தியிருந்தால், எதற்கு என்பதையும் பேசுவோம். மதிப்பெண் இன்னும் போடவில்லை, எந்த முடிவும் எடுக்கவில்லை. நேரம் ஒத்துவராவிட்டால் சொல்லுங்கள்.”

நேர்வழி: புதன்கிழமையே மெயில் போனால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு வருவான். வகுப்பு முடிந்ததும் நிறுத்தி நாலு கேள்வி கேட்டால் உண்மை வெளியே வந்துவிடும்.

மூத்த_விரிவுரையாளர்: எழுதியதை மனப்பாடம் செய்யலாம், எழுதிய விதத்தை முடியாது. “இந்த மாவட்டத்தை ஏன் எடுத்தீர்கள், எந்தப் பகுதியை எழுதிவிட்டுத் தூக்கினீர்கள்?” என்று கேளுங்கள். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் பழைய பதிப்புகளைத் திறந்து காட்டச் சொல்லலாம். முழுக் கட்டுரையும் ஒரே நிமிடத்தில் வந்து விழுந்திருந்தால் அதைப் பற்றிப் பேசலாம். வராந்தாவில் மடக்கினால், தானே எழுதிய பிள்ளைக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஹாஸ்டல்_ஜன்னல்: நான் மாணவி. எனக்கும் இப்படி ஒரு மெயில் வந்தது: “சும்மா பேசலாம், வாம்மா.” போனால் உள்ளே துறைத்தலைவரோடு 3 பேர்! அன்றைக்கு வாயே வரவில்லை. லேப்டாப்பில் வேர்டில்தான் எழுதினேன், ஒரே ஃபைலில் மேலே மேலே சேமித்ததால் பழைய வரைவு எதுவும் இல்லை. கிராமர்லி போட்டுத் திருத்தினேன், அதுவும் ஏஐயா என்று யாரும் அதற்கு முன் சொன்னதில்லை. யார் யார் இருப்பார்கள் என்று மெயிலிலேயே போடச் சொல்லுங்கள் மேடம்.

மூத்த_விரிவுரையாளர்: சரியான பேச்சு. “நான் மட்டும் இருப்பேன்” என்று என் மெயிலில் சேர்த்துக்கொள்ளுங்கள். வரைவு இல்லை என்பதையும் குற்றமாக எடுக்கக் கூடாது.

சுண்ணக்கட்டி: ஒரு சந்தேகம். ஏஐ பெயரை எடுத்தாலே பிள்ளைக்குப் புரிந்துவிடாதா? எடுக்காமல் விட்டால் என்ன?

ஹாஸ்டல்_ஜன்னல்: எடுக்காமல் வரவழைத்து, உட்கார்ந்ததும் அதைக் கேட்டால் அதுதான் பொறி. எனக்கு நடந்தது அதுதான்.

சுண்ணக்கட்டி: எனக்கு இன்னும் ஒப்பவில்லை. அந்த வரியைப் படித்ததும் பாதிப் பேர் பயத்தில் வரவே மாட்டார்கள்.

மூத்த_விரிவுரையாளர்: இருக்கலாம். அதற்கு முன் ஒன்று: அசைன்மென்ட் கொடுத்தபோது ஏஐ பற்றி விதி ஏதாவது சொன்னீர்களா, மேடம்?

கரும்பலகை: வகுப்பில் வாயால் சொன்னேன், எழுத்தில் இல்லை. கிராமர்லி பற்றிப் பேச்சே வரவில்லை. நீங்கள் சொன்னபடி தேடினேன்: இதழும் தொகுதியும் நிஜம், அந்தப் பக்கத்தில் இருப்பது உர மானியம் பற்றிய கட்டுரை. மெயிலில் 64% வேண்டாம் என்று எடுத்துவிட்டேன், ஏஐ வரியை வைத்திருக்கிறேன். வராவிட்டால் என்ன செய்வது?

மூத்த_விரிவுரையாளர்: இன்னொரு தேதி கொடுத்து ஒரு மெயில். அதற்கும் வராவிட்டால் தாளில் இருப்பதற்கு மதிப்பெண் போடுங்கள். இல்லாத மேற்கோளுக்கு உரியதைக் குறையுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

நேர்வழி: அதை முதல் நாளே செய்திருக்கலாமே!