கடை போனுக்குக் குரல் பதிவு

அண்ணன்: எல்லாரும் பாருங்க. தையல் கடை போனுக்கும் கடைக்குள்ளே ஸ்பீக்கருக்கும் சேர்த்து ஒரே பதிவா 2 நிமிஷத்துக்கு எழுதிட்டேன். தாத்தா கடை ஆரம்பிச்ச கதை, அப்புறம் என்னென்ன தைக்கிறோம், கடைசியில் வெள்ளி முதல் திங்கள் வரை விடுமுறை. இன்று ராத்திரிக்குள் பதிவு பண்ணணும்.

பெரியப்பா: முதல் மெஷின் யார் வாங்கிக் கொடுத்தது என்று அதில் இல்லையே.

சித்தி: இது ஸ்டேட்டஸில் போடவா?

அக்கா: இல்லை சித்தி, போன் எடுக்காதபோது கேட்பது. அண்ணா, ஒரே பதிவு இரண்டுக்கும் சரிவராது. போன் பண்ணுபவர் முதல் வார்த்தையிலிருந்து கேட்பார், ஆனால் தன் துணி தயாரா என்று மட்டும்தான் அவருக்குத் தெரியணும். விடுமுறை கடைசியில் வந்தால் அதற்குள் வைத்துவிடுவார். கடைக்குள் வருபவரோ பாதியிலிருந்துதான் கேட்பார், அதனால் அங்கே ஒரே செய்தி திரும்பத் திரும்ப வரணும்.

தம்பி: பின்னால் மெல்லிசா வீணை போட்டால் நன்றாக இருக்கும்.

அக்கா: கடை ஸ்பீக்கருக்குப் போடு. போன் பேச்சுக் குரலுக்காகவே செய்தது, இசை அதில் கரகரக்கும், சொல்லையும் மறைக்கும். போனுக்கு 20 வினாடி போதும்:

"வணக்கம், தையல் கடை. வெள்ளி முதல் திங்கள் வரை விடுமுறை, செவ்வாய் காலை திறப்போம். உங்கள் பெயரையும் ரசீது எண்ணையும் சொல்லுங்கள். எண்ணை மட்டும் மெதுவாக இரண்டு முறை சொல்லுங்கள். செவ்வாய் அன்று நாங்களே அழைக்கிறோம்."

"நாளை முதல்" என்று சொல்லாதீங்க, மறுநாள் கேட்டால் அது பொய்யாகிவிடும்.

சித்தி: என் போனில் அப்படித்தான் ஒருவர் எண்ணைக் கடகடவென்று சொல்லி வைத்துவிட்டார், ஏழா எட்டா என்று இன்னும் தெரியவில்லை 😔

அண்ணன்: 2 நிமிஷம் எழுதியதெல்லாம் வீணா?

அக்கா: இல்லை, அது கடைக்கு. விடுமுறையை முதலில் வைத்து 20 வினாடி, கொஞ்சம் இடைவெளி, தாத்தாவைப் பற்றி இரண்டு வரி, மறுபடியும் விடுமுறை, அப்புறம் என்னென்ன தைக்கிறோம், முடிவில் மூன்றாம் முறை விடுமுறை. துணி அடுக்கிய அலமாரிப் பக்கம் நின்று பேசுங்க, எதிரொலி குறையும். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, போனைச் சற்றுப் பக்கவாட்டில் பிடிங்க, இல்லையென்றால் "ப" வரும்போதெல்லாம் காற்று அடிக்கும். முடித்ததும் வேறு போனிலிருந்து கூப்பிட்டுக் கேளுங்க, பதிவு செய்த போனில் கேட்டால் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

பெரியப்பா: இரண்டு வரியில் மெஷினும் வரட்டும்.

அண்ணன்: சரி பெரியப்பா, பார்க்கிறேன்.

தம்பி: யார் குரல்? அண்ணியா அக்காவா?

சித்தி: அண்ணி குரல்தான் கணீரென்று இருக்கும்.

அண்ணன்: அவளுக்கு இரண்டு நாளாகத் தொண்டை கட்டு. 8 மணிக்குள் சொல்கிறேன்.

பெரியப்பா: வெள்ளிக்கிழமை வேன் எத்தனை மணிக்கு?