கதைத் தலைப்பே முடிவைக் காட்டிக்கொடுக்கிறது, எப்படி மாற்றுவது?

தேன்மொழி
ஒரு சிறுகதை எழுதி முடித்து இரண்டு வாரம் ஆகிறது. தலைப்பு மட்டும் அமையவில்லை.

கதை இதுதான். அண்ணன், தம்பி இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வயல். தம்பிதான் கதை சொல்கிறான். ஒரு நாள் காலையில் எல்லைக்கல்லைச் சுற்றிப் புது மண் கிடப்பதைப் பார்க்கிறான். அண்ணன் இரவோடு இரவாகக் கல்லை நகர்த்திவிட்டார் என்று சந்தேகம். பேச்சு நின்றுபோகிறது. கடைசியில் சர்வேயரைக் கூட்டி வருகிறான். அளந்து பார்த்தால் கல் மூன்றடி நகர்ந்திருப்பது உண்மை, ஆனால் அண்ணன் நிலத்துக்குள் நகர்ந்திருக்கிறது. தம்பி போட்ட போர்வெல் உண்மையில் அண்ணன் நிலத்தில் விழுந்திருந்தது. அதைச் சொன்னால் தம்பி மனம் உடைவான் என்று அண்ணன் சொல்லாமல் கல்லை மாற்றி நட்டிருக்கிறார்.

முதலில் "அண்ணன் கொடுத்த நிலம்" என்று வைத்தேன். படித்த தோழி, தலைப்பிலேயே கதை முடிந்துவிட்டது என்றாள். பிறகு "எல்லை" என்று மாற்றினேன். இந்தத் தலைப்பில் ஆயிரம் கதை இருக்கும், என் கதைக்கு மட்டும் உரியதாக இல்லை. உறவு, விட்டுக்கொடுத்தல் என்ற சாயல் வேண்டும், முடிவு தெரியக் கூடாது. என்ன செய்யலாம்?

கதிர்
கதையில் வரும் ஒரு பொருளின் பெயரை வையுங்கள். "எல்லைக்கல்", முடிந்தது. பொருளின் பெயர் எதையும் காட்டிக்கொடுக்காது. நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

ஓய்வுபெற்ற சர்வேயர்
அம்மா, முப்பது வருடம் இந்த வேலை பார்த்தவன். ஒரு கல்லை மட்டும் நகர்த்தினால் வரப்பு முழுவதும் நகராது. மறுமுனைக் கல் அங்கேயே இருக்கும், எல்லை சாய்வாகப் போகும். வயல் நீளம் 200 அடி என்று வைத்தால், ஒரு முனையில் மூன்றடி, மறுமுனையில் ஒன்றுமில்லை. முக்கோணமாக 300 சதுர அடி. முக்கால் சென்ட் கூட வராது. கதையில் "நிலத்தில் பாதி போச்சு" என்கிற மாதிரி தம்பி பேசினால் விவரம் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். போர்வெல் அந்த முனைக்குப் பக்கத்தில் இருந்தால்தான் ஒரு கல் போதும். புலப்படத்தை வைத்து அளப்பதாக எழுதியிருக்கிறீர்களா?

தேன்மொழி
ஐயா, நான் கேட்டது தலைப்பு பற்றி. ஆனாலும் மிக்க நன்றி, இரண்டு கல்லையும் நகர்த்தியதாக எழுதியிருந்தேன். ஒன்றாக மாற்றிவிடுகிறேன். போர்வெல் கிழக்கு முனையில்தான் இருக்கிறது.

கதிர், "எல்லைக்கல்" யோசித்தேன். அதில் உறவின் சாயல் எதுவும் இல்லையே?

வாசுகி
கதிர் சொல்வது பாதி சரி. பொருளின் பெயர் முடிவைக் காட்டிக்கொடுக்காதுதான், ஆனால் அது மட்டும் போதாது. கதை படிக்கும் முன் அந்தச் சொல் ஒரு அர்த்தமும், படித்த பின் வேறு அர்த்தமும் தர வேண்டும். "எல்லைக்கல்" முதலிலும் எல்லைக்கல்தான், கடைசியிலும் எல்லைக்கல்தான்.

தேன்மொழி, முதலில் வாசகரை இழுத்துச் செல்லும் கேள்வி எது என்று ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். "கல் நகர்ந்ததா?" என்பது உங்கள் கதையின் கேள்வி இல்லை. அது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. "எந்தப் பக்கம், எதற்காக?" என்பதுதான் கேள்வி. முதல் பக்கத்தில் இருப்பதை எல்லாம் தலைப்பில் தாராளமாகச் சொல்லலாம். கேள்விக்கான பதில் மட்டும் தலைப்பில் இருக்கக் கூடாது. "அண்ணன் கொடுத்த நிலம்" என்பதில் "கொடுத்த" என்ற ஒரு சொல்தான் கெடுக்கிறது.

புதுமைப்பித்தனின் "சாப விமோசனம்" நல்ல உதாரணம். விமோசனம் கதையின் தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. அகலிகை மீண்டும் கல்லாவதுதான் முடிவு. தலைப்பு சொன்னது உண்மை, ஆனால் முடிவைச் சொல்லவில்லை. முடித்த பின் எது விமோசனம் என்று தலைப்பே நம்மைத் திருப்பிக் கேட்கிறது.

தேன்மொழி
அப்படியானால் "நகர்த்திய கல்" என்று வைக்கலாமா?

வாசுகி
"நகர்ந்த கல்" என்று வையுங்கள். "நகர்த்திய" என்றால் உடனே ஒரு ஆள் வந்து நிற்கிறார், யார் என்று மனம் தேடுகிறது, அண்ணன் என்று முடிவு கட்டிவிடுகிறது. "நகர்ந்த" என்றால் ஆள் இல்லை. தமிழில் வினையை இப்படி மாற்றினாலே பாதி ரகசியம் காப்பாற்றப்படும். அதோடு, கல் மாதிரி இறுகிப்போன ஒரு மனம் நகர்ந்தது என்ற சாயலும் பின்னால் கிடைக்கும்.

செல்வி
வினையைப் பற்றிச் சொன்னதும் என் கதை நினைவுக்கு வந்தது. காணாமல் போன ஒரு பெண்ணைப் பற்றிய கதைக்கு "திரும்பி வந்தவள்" என்று வைத்து அனுப்பினேன். வருவாளா மாட்டாளா என்பதுதான் கதை முழுக்க! தலைப்பைப் பார்த்த யாருக்குமே பதற்றம் வரவில்லை. "வந்தவள்" என்றால் ஆள் பெண் என்பதும் தெரிகிறது, வந்துவிட்டாள் என்பதும் தெரிகிறது. கடைசியில் அவள் விட்டுச் சென்ற "நீலக் குடை" என்று மாற்றினேன். அது சரியா என்று இன்னமும் தெரியவில்லை.

கதிர்
எனக்கு "மூன்றடி" தோன்றுகிறது. முதலில் அண்ணன் எடுத்த மூன்றடி, முடிவில் அண்ணன் கொடுத்த மூன்றடி. வாசுகி சொன்ன இரண்டு அர்த்தமும் கிடைக்கிறது. வாமனன் மூன்றடி மண் கேட்டதும் நினைவுக்கு வரும். தம்பி அண்ணனை வாமனனாக நினைக்கிறான், கடைசியில் அவர் மகாபலி.

வாசுகி
அழகான யோசனை. இதில் எனக்கு ஒரே ஒரு தயக்கம். புராணத்தை இழுத்தால் தானம் என்பது வாசகர் மனத்தில் முன்பே வந்துவிடாதா? ஜெயகாந்தன் 1966-ல் எழுதிய "அக்கினிப் பிரவேசம்" என்ற தலைப்பும் புராணம்தான். அதைப் பார்த்ததும் தீயில் இறங்கும் சோதனையை எதிர்பார்க்கிறோம். ஆனால் அந்தப் பெண்ணின் தலையில் தாய் ஊற்றுவது தண்ணீர். புராணம் ஒரு பக்கம் போக, கதை இன்னொரு பக்கம் போகிறது, அதனால் முடிவு காப்பாற்றப்படுகிறது. உங்கள் கதையில் புராணமும் கொடுப்பதில் முடிகிறது, கதையும் கொடுப்பதில் முடிகிறது. "மூவடி மண்" என்று வைத்தால் நிச்சயம் தெரிந்துவிடும். வெறும் "மூன்றடி" என்றால் ஒருவேளை தப்பிக்கலாம்.

கதிர்
"மூன்றடி" என்றால் பத்தில் ஒருவருக்குத்தான் வாமனன் தோன்றும். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வாசுகி
அதைச் சோதித்தே பார்த்துவிடலாம். கதை படிக்காதவர்களிடம் தலைப்பையும் முதல் பக்கத்தையும் மட்டும் கொடுங்கள், முடிவை ஊகித்து எழுதச் சொல்லுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு தலைப்புதான், இரண்டையும் ஒருவரிடமே காட்டினால் ஒப்பிட ஆரம்பித்துவிடுவார்.

தேன்மொழி
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். ஒன்பது பேரிடம் கொடுத்தேன், தலைப்புக்கு மூன்று பேர். "அண்ணன் கொடுத்த நிலம்" படித்த மூவரும் முடிவைச் சரியாகச் சொன்னார்கள். "நகர்ந்த கல்" படித்த யாரும் சொல்லவில்லை, இருவர் கொலையில் முடியும் என்று எழுதினார்கள். "மூன்றடி" படித்தவர்களில் ஒருவர் என் மாமியார், அவர் மட்டும் "அந்த அண்ணன்தான் கொடுத்திருப்பான்" என்றார். ஏன் என்று கேட்டேன். வாமனனைச் சொல்லவில்லை. "மூன்றடிக்காக எந்த அண்ணன் ராத்திரி மண்வெட்டி தூக்குவான்?" என்றார்.

ஓய்வுபெற்ற சர்வேயர்
தூக்குவார்கள் அம்மா. ஓரடிக்கே நான் பார்த்திருக்கிறேன்.

தேன்மொழி
ஐயா, அந்த வரியைத் தம்பியின் வாயில் முதல் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாமா? அது இருந்தால் மூன்றடியும் பெரிதாகத் தெரியும், மாமியாரின் சந்தேகத்துக்கும் இடமிருக்காது. அந்த வரியோடு "மூன்றடி" தலைப்பை இன்னும் மூன்று பேரிடம் கொடுத்துப் பார்க்கிறேன். அதிலும் யாராவது ஊகித்தால் "நகர்ந்த கல்" என்றே அனுப்பிவிடுவேன்.

ஓய்வுபெற்ற சர்வேயர்
தாராளமாக வையுங்கள். புலப்படத்தை மறக்காதீர்கள்.