'வுட் ஹேட்' பிழையைத் திருத்த உதவி தேவை

குழுவில் உள்ள ஆசிரியர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட்டில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். நடக்காமல் போனதைச் சொல்லும் மூன்றாம் நிபந்தனை வாக்கியத்தில் ஒரே பிழை மீண்டும் மீண்டும் வருகிறது.

நேற்று மழை பெய்ததால் பால்மரம் வெட்ட முடியவில்லை என்ற செய்தியைக் கொடுத்து எழுதச் சொன்னால், 'இஃப் இட் ஹேட் நாட் ரெய்ன்ட்' என்று முதல் பாதியைச் சரியாக எழுதிவிட்டு, அடுத்த பாதியில் 'ஹீ வுட் ஹேட் டேப்ட் த ட்ரீஸ்' என்று முடிக்கிறார்கள். 'வுட்' ஒரு துணைவினை. அதற்குப் பின் வினையின் மூல வடிவமே வர வேண்டும் என்பதால், எழுவாய் ஹீ ஆனாலும் தே ஆனாலும் 'வுட் ஹேவ் டேப்ட்' என்பதே சரி. இதை விளக்கியதும் சிலர் மறுபக்கம் சாய்ந்து, 'இஃப் இட் வுட் ஹேவ் ரெய்ன்ட்' என்று நிபந்தனைப் பாதியிலும் 'வுட்' சேர்க்கிறார்கள். தேர்வில் அதுவும் பிழைதான்.

குழப்பத்தின் வேர் சுருக்க வடிவம் என்று நினைக்கிறேன். 'ஹேட்', 'வுட்' இரண்டும் பேச்சில் ஒரே 'ட்' ஒலியாகச் சுருங்குவதால், காதால் பிரித்தறிய முடிவதில்லை. இந்த வாக்கியங்களில் அந்த 'ட்'டுக்குப் பின் 'ஹேவ்' வந்தால் அது 'வுட்', நேராக டேப்ட், கான் போன்ற மூன்றாம் வடிவம் வந்தால் அது 'ஹேட்' என்று சொல்லிக் கொடுத்தேன். வாசிக்கும்போது கண்டுபிடிக்கிறார்கள், கட்டுரை எழுதும்போது கை பழைய வழிக்கே போய்விடுகிறது.

எழுத்தில் இதை நிலைநிறுத்த நீங்கள் எந்தப் பயிற்சியைக் கொடுக்கிறீர்கள்? இரு பாதிகளையும் தனித்தனியே பழக்குவதா, முழு வாக்கியமாகவே பழக்குவதா என்பதையும் தயவுசெய்து தெரிவியுங்கள்.